வேணுமா, வேணாமா? இரைச்சல் பதிவைச் சுருக்கும்போது வரும் கோளாறுகள், பிழை நீக்கும் வழிமுறை

கூட்டப் பதிவைக் கேட்டுச் சுருக்கம் எழுதுவது என் வேலையில் பாதி. மேசை நடுவில் ஒரு ரெக்கார்டரை வைத்துவிட்டு ஆறேழு பேர் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். அதில் எங்கெங்கே சறுக்குவேன் என்று இப்போது எனக்கே தெரியும். திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும்.

தொடங்குமுன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பிறகு ஹெட்ஃபோன் போட்டு, எங்கும் நிறுத்தாமல் ஒருமுறை முழுப் பதிவையும் கேளுங்கள். காதில் விழாத இடம் வரும்போது நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்று நின்று கேட்டால் கூட்டம் எங்கே போய் முடிந்தது என்பதே பிடிபடாது. பின்னால் சந்தேகம் தீர்க்க உதவுவது பெரும்பாலும் அந்தப் போக்குதான்.

## அறிகுறி: இருவர் ஒரே நேரத்தில் பேச, வாக்கியத்தின் வால் காணாமல் போகிறது

தமிழ்ப் பதிவுகளில் எனக்கு அதிகம் வரும் கோளாறு இது. ஆபத்தும் இதில்தான் அதிகம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆமா இல்லையா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. வேணும், வேணாம்; முடியும், முடியாது; பண்ணலாம், பண்ண வேணாம். அடுத்தவர் குறுக்கே புகுவதும் சரியாக அந்த இடத்தில்தான், ஏனென்றால் முன்பாதியைக் கேட்டதுமே மிச்சத்தை ஊகித்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். ஆக, பேச்சு மோதும்போது தின்னப்படுவது பெரும்பாலும் முடிவைச் சொல்லும் துண்டு.

அதோடு இன்னொன்றும் போய்விடும். "வேணாம்னு சொல்றாங்க" என்பதில் "ன்னு சொல்றாங்க" மறைந்துவிட்டால், யாரோ சொன்ன கருத்து பேசியவர் கருத்தாகவே சுருக்கத்தில் ஏறிவிடும்.

முதல் சோதனை: வேகத்தைக் குறையுங்கள். VLC-யில் `[` விசையை அழுத்தினால் வேகம் சிறிது சிறிதாகக் குறையும். முக்கால் வேகம் போதும். அரை வேகத்துக்குப் போனால் மெய்யெழுத்துகள் இழுபட்டு, இல்லாத சொற்கள் கேட்கத் தொடங்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமானால், கட்டளை தட்டி ஒலிக்கோப்பை வெட்டவும் மாற்றவும் உதவும் ffmpeg என்ற மென்பொருளில் இப்படிக் கொடுங்கள்:

```
ffmpeg -ss 00:31:30 -t 25 -i copy.wav -af "highpass=f=100,atempo=0.75" clip.wav
```

31:30-லிருந்து 25 நொடியை எடுத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலைக் குறைத்து, முக்கால் வேகத்தில் தரும்.

இரண்டாவது: இடது வலதைப் பிரியுங்கள். ரெக்கார்டரில் இரண்டு மைக் இருந்து ஸ்டீரியோவாகப் பதிவாகியிருந்தால், மோதும் இருவரில் ஒருவர் ஒரு பக்கத்தில் கொஞ்சம் உரக்கக் கேட்பார்.

```
ffmpeg -i copy.wav -af "pan=mono|c0=FL" left.wav
ffmpeg -i copy.wav -af "pan=mono|c0=FR" right.wav
```

இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் அது மோனோ பதிவு. அந்த வழி அடைத்துவிட்டது, அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாவது: இடைவெளியை அளவெடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

52 நிமிடப் பதிவு. ஒரு கிடங்கின் வாடகை ஒப்பந்தம் பற்றிய குழுக் கூட்டம். 31:41-ல் செயலாளர் "பழைய ஒப்பந்தத்த இந்த மாசமே நிறுத்திட" என்று சொல்லும்போதே பொருளாளர் "அப்போ முன்பணம் என்னாவும்?" என்று உரத்த குரலில் புகுந்துவிட்டார். செயலாளர் குரல் அடியில் தொடர்ந்து ஓடுகிறது, சொல் பிரியவில்லை. மூன்று முறை கேட்டேன். "நிறுத்திடலாம்" என்றே பட்டது. பொருளாளரின் கேள்வியும் அதோடு பொருந்தியது. "இந்த மாதமே ஒப்பந்தத்தை நிறுத்தலாம் என்று செயலாளர் கூறினார்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே தம்பி. நிறுத்திட முடியாதுன்னு வக்கீல் சொல்றாங்கன்னுதானே சொன்னேன்."

திரும்பப் போய்ப் பார்த்தேன். "நிறுத்திட" முடிந்ததிலிருந்து அவர் குரல் அடங்குவது வரை ஏறத்தாழ இரண்டு நொடி. நாம் விரைவாகப் பேசும்போது நொடிக்கு ஐந்தாறு அசையாவது வரும். இரண்டு நொடிக்குள் பத்துக்கு மேல் அடங்கும். "லாம்" என்பது ஒரே அசை. மிச்ச நேரமெல்லாம் அவர் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பொருளாளரும் முழு வாக்கியத்தைக் கேட்காமல் ஊகித்துத்தான் குறுக்கே புகுந்திருக்கிறார். அவர் ஊகத்தை வைத்து நான் என் ஊகத்துக்குச் சாட்சி தேடியிருக்கிறேன்.

அளவெடுக்கத் தனிக் கருவி வேண்டாம். Audacity என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தடத்தை `Spectrogram` காட்சிக்கு மாற்றினால், குரல் ஓடும் இடங்களில் கிடைக்கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஒருவர் அடுக்கு எங்கே நிற்கிறது, மற்றவர் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்த நீளத்தைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை நொடி என்று கீழே காட்டும். நீங்கள் ஊகிக்கும் சொல் அந்த நீளத்தில் பாதியைக்கூட நிரப்பவில்லையென்றால், ஊகத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான்காவது: முடிவு வேறெங்காவது தெளிவாக இருக்கிறதா? அந்தப் பதிவிலேயே 41:05-ல் தலைவர், "அப்போ இத அடுத்த கூட்டத்துல பார்ப்போம்" என்கிறார். குறுக்கே யாரும் பேசவில்லை, தெளிவாகக் கேட்கிறது. செயலாளர் எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் அன்று முடிவு எடுக்கவில்லை. சுருக்கத்துக்குத் தேவையானது அதுதான். ஒரு சொல்லோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுமுன், அது இல்லாமல் சுருக்கம் நிற்குமா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் நிற்கும்.

ஐந்தாவது: பேசியவரைக் கேளுங்கள். கேள்வியில் விடையை வைக்கக் கூடாது. "நிறுத்தலாம்னுதானே சொன்னீங்க?" என்றால் பாதிப் பேர் ஆமா என்றே சொல்வார்கள். "ஒப்பந்தம் பத்திப் பேசினப்ப பொருளாளர் குறுக்க பேசினாங்களே, அப்ப நீங்க என்ன சொல்லிட்டிருந்தீங்க?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதில் பதிவில் கேட்டது ஆகாது. அதைப் பின்னர் தந்த விளக்கம் என்றே தனியாக எழுத வேண்டும்.

திருத்திய சுருக்கம் இப்படி ஆனது:

> பழைய ஒப்பந்தத்தை இந்த மாதமே நிறுத்துவது குறித்துச் செயலாளர் பேசினார். அவர் கூற்றின் முடிவு பதிவில் கேட்கவில்லை [31:42–31:44, இருவர் பேச்சு]. முன்பணம் என்னவாகும் என்று பொருளாளர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பார்ப்பதாகத் தலைவர் கூறினார் [41:05]. பின்னர் தந்த விளக்கம்: ஒப்பந்தத்தை நிறுத்த முடியாது என வழக்கறிஞர் சொல்வதையே தெரிவித்ததாகச் செயலாளர் கூறுகிறார்.

"கூறினார்", "கூறுகிறார்" என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். கூட்டத்தில் நடந்தது இறந்தகாலத்தில் இருக்கிறது. பிறகு என்னிடம் சொன்னது நிகழ்காலத்தில் இருக்கிறது.

## அறிகுறி: முதலில் ஒன்று கேட்டது, இப்போது வேறொன்று கேட்கிறது

செயலாளர் சொன்ன பிறகு அந்தத் துண்டை மறுபடி போட்டேன். "முடியாதுன்னு வக்கீல்" என்று கணீரென்று கேட்டது! முந்தின நாள் அதே இடத்தில் "லாம்" கேட்ட அதே காதுதான். பதிவு மாறவில்லை, எனக்கு விடை தெரிந்துவிட்டது, அவ்வளவே. அதனால்தான் அவர் சொன்னதை "பதிவில் உறுதியானது" என்று எழுதாமல் விளக்கமாக மட்டும் சேர்த்தேன்.

காது இப்படித்தான் நடந்துகொள்ளும். 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், பதிவான ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே இருமலை ஒட்டினார். கேட்டவர்களுக்கு விடுபட்ட ஒலியும் சேர்ந்தே கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைத்தான் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நம் கூட்டங்களில் இருமலுக்குக் குறைவில்லை.

எளிய சோதனை: கேட்டதைத் தாளில் எழுதிவிட்டு மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள், தாளைப் பார்க்காமல் மறுபடி கேட்டு எழுதுங்கள். இரண்டும் ஒன்றானால் வைத்துக்கொள்ளலாம். வேறானால் அந்தச் சொல் கேட்கவில்லை என்றே பொருள்.

அடுத்தது: இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். துண்டை மட்டும் கொடுங்கள், உங்கள் ஊகத்தைச் சொல்லாதீர்கள். "இதுல 'முடியாது'ன்னு வருதா பாரு" என்று ஆரம்பித்துவிட்டால் அந்தச் சோதனை அங்கேயே பாழ். அவர் பேசாமல் எழுதித் தரட்டும். நேரில் கேட்டால் நம் முகத்தைப் பார்த்தே விடையை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு.

எண்கள் வந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது. "அம்பது"ம் "ஒம்பது"ம் முதல் உயிரில்தான் பிரிகின்றன. "அறுபது", "எழுபது" கதையும் கிட்டத்தட்ட அதேதான். மேசையில் யாராவது ஒரு தட்டு தட்டினால் அந்த முதல் உயிர் போய்விடும். இரண்டு பேர் எழுதியதும் பொருந்தாத எண்ணைச் சுருக்கத்தில் ஏற்றாதீர்கள். "ஒரு தொகையைக் குறிப்பிட்டார், தொகை தெளிவாகக் கேட்கவில்லை [நேரம்]" என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

## அறிகுறி: சொன்னது கேட்கிறது, சொன்னவர் யார் என்று தெரியவில்லை

முதலில் குரல் குறிப்பேடு ஒன்று போடுங்கள். கூட்டத்தில் யாராவது ஒருவரைப் பெயரோ பதவியோ சொல்லிக் கூப்பிட்டு, அடுத்து அவரே பதில் சொல்லும் இடங்களைத் தேடுங்கள். அந்த நேரங்களைக் குறித்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் பத்து நொடி மாதிரி கிடைக்கும். சந்தேக இடத்தைக் கேட்டதும் மாதிரியைக் கேளுங்கள், அதன் பிறகு மறுபடி சந்தேக இடம். நினைவை நம்பி "இது அவர் குரல்தான்" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதற்கும் பிடிபடவில்லையென்றால் வினை விகுதி உதவும். "முடிச்சிட்டேன்" என்றால் வேலை செய்தவர் அவரே. "முடிச்சிட்டாங்க" என்றால் வேறு யாரோ. "நாங்க" என்பவர் எதிரில் இருப்பவர்களைச் சேர்க்காமல் பேசுகிறார், "நாம" என்பவர் சேர்த்துப் பேசுகிறார். இரண்டு தரப்பு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், பேசியவர் எந்தத் தரப்பு என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் விகுதியும் வாலில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மோதல் நடந்த இடத்தில் "ட்டேன்", "ட்டோம்" இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

எதுவும் உதவவில்லையென்றால் "ஒரு உறுப்பினர்" என்று எழுதுங்கள். "பொருளாளர் அல்லது செயலாளர்" என்று எழுதுவது கூடுதல் நேர்மை போலத் தோன்றும். சாதாரண விஷயத்துக்கு அது சரி. குற்றச்சாட்டோ கோபப் பேச்சோ என்றால் செய்யாதீர்கள், இருவரில் ஒருவர் சொல்லாத சொல்லுக்குப் பழி சுமப்பார். அந்த இடத்தில் "பேசியவர் தெரியவில்லை" போதும்.

## அறிகுறி: ஒரே பேச்சு இரண்டு முறை கேட்கிறது, அல்லது வேறொரு பேச்சு ஊடே வருகிறது

இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று எதிரொலி. தொலைவிலிருந்து இணைந்தவர் பேச்சு அறையின் ஸ்பீக்கரில் வந்து, அறையின் மைக்கில் மறுபடி புகுந்து பதிவாகிவிடும். ஒருவர் "சரி" என்று சொன்னது இரண்டு "சரி"யாகக் கேட்கும். இருவர் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதத் தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ராகமும் இழுப்பும் அச்சாக ஒன்றாக இருந்து, இரண்டாவது சற்று மங்கலாக, எப்போதும் ஒரே இடைவெளியில் வந்தால் அது எதிரொலி. வேறொரு மனிதர் அதே ராகத்தில் அதே நீளத்துக்குச் "சரி" சொல்ல மாட்டார். இணையக் கூட்டமாக இருந்தால், நடத்தியவரிடம் ஆளுக்கொரு ஒலிக்கோப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். Zoom-இல் கணினியிலேயே பதிவு செய்பவர்கள் முன்கூட்டியே அந்த அமைப்பைப் போட்டிருந்தால் கிடைக்கும். கிடைத்தால் பாதித் தலைவலி தீர்ந்தது.

இங்கேயே "ம்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பேசும்போது அடியில் "ம்... ம்... ஆமா..." என்று இன்னொருவர் போட்டுக்கொண்டிருப்பார். அது கேட்கிறேன் என்பதற்கான ஒலி. அதைச் சம்மதமாக எழுதிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று பக்கப்பேச்சு. மைக்குக்கு அருகே இருவர் தங்களுக்குள் முணுமுணுப்பார்கள். அருகில் இருப்பதால் அதுதான் தெளிவாகக் கேட்கும், பொதுப்பேச்சு பின்னால் மங்கிவிடும். கேட்டதே என்று அதைச் சுருக்கத்தில் சேர்க்கக் கூடாது, அது கூட்டத்தை நோக்கிச் சொன்னதல்ல. "பக்கப்பேச்சால் பொதுப்பேச்சு கேட்கவில்லை [18:20–18:55]" என்று மட்டும் எழுதுங்கள்.

## அறிகுறி: ஒரு பகுதி முழுக்கவே கேட்கவில்லை

ஹெட்ஃபோனை மாற்றிப் பாருங்கள், அதோடு கோப்பு எந்த வழியாக வந்தது என்றும் கேளுங்கள். செயலிகள் வழியாகக் கைமாறிய ஒலிக்கோப்பு சுருக்கப்பட்டிருக்கக்கூடும். மூலக் கோப்பை நேரடியாக வாங்கினாலே சில இடங்கள் திறந்துகொள்ளும்.

மின்விசிறி, குளிரூட்டி போல ஒரே சீரான இரைச்சலென்றால் Audacity-யின் `Noise Reduction` உதவும். யாரும் பேசாத ஒன்றிரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து `Get Noise Profile` கொடுத்துவிட்டு, குறைப்பின் அளவை 6 டெசிபெல்லில் வைத்துத் தொடங்குங்கள். பேராசைப்பட்டு 20, 24 என்று ஏற்றினால் குரலின் விளிம்புகள் உதிர்ந்து, தண்ணீருக்கடியில் மணி அடிப்பது போன்ற ஒலிகள் முளைக்கும். அந்த ஒலிகளில் அசைகள் கேட்கும். துப்புரவு செய்த நகலில் புதிதாக ஒரு சொல் கிடைத்தால், மூல ஒலியில் அதன் சாயலாவது இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதாதீர்கள்.

கதவு அறைவது, நாற்காலி இழுப்பது போன்ற திடீர் சத்தங்களுக்கு இந்த வழி பயன்படாது. அலைவடிவத்தின் மேலும் கீழும் கத்தரித்தது போலத் தட்டையாக இருந்தால், மைக் தாங்காமல் ஒலி வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் அமுங்கிய மெல்லிய குரல் திரும்ப வராது. ஒலியளவைக் கூட்டினாலும் பயனில்லை.

எழுதும்போது "சிறிது நேரம் கேட்கவில்லை" என்று மழுப்பாதீர்கள். எவ்வளவு நேரம், எதைப் பற்றிய பேச்சின் நடுவில், முன்னும் பின்னும் என்ன என்று சொல்லுங்கள். சுருக்கத்தின் தலையிலேயே மொத்தக் கணக்கையும் போட்டுவிடுவேன்: "52 நிமிடப் பதிவில் சுமார் 4 நிமிடம் கேட்கவில்லை. அதில் ஒன்றரை நிமிடம் முன்பணம் பற்றிய விவாதத்தின் நடுவே." அந்த ஒன்றரை நிமிடம் எங்கே விழுந்தது என்பது படிப்பவருக்கு முக்கியம். தேநீர் இடைவேளைப் பேச்சில் பத்து நிமிடம் போனாலும் கவலையில்லை.

## எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

சுருக்கத்தை வைத்து ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்கப் போகிறார்கள், அல்லது பதிவு வழக்குக்குப் போகிறது என்றால், மேலே சொன்ன எதையும் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். அது தடயவியல் ஒலி ஆய்வாளரின் வேலை. பணம் தொடர்பான ஒரே ஒரு சொல்லில் எல்லாம் தொங்குகிறது, பேசியவரும் மற்றவரும் வேறு வேறு சொல்கிறார்கள் என்றாலும் அதேதான்.

அவரிடம் தொடாத மூலக் கோப்பைக் கொடுங்கள். முடிந்தால் பதிவு செய்த கருவியையும் கொடுங்கள். துப்புரவு செய்த நகலைக் கொடுத்தால் அவர் கையும் கட்டப்பட்டுவிடும். எந்த இடங்கள் வேண்டும் என்று நேரத்தை மட்டும் எழுதுங்கள். அங்கே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பதை எழுதாதீர்கள். அவருக்கும் இருப்பது அதே மாதிரி காதுதான். அவரும் "தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதித் தந்தால், அந்த வரியை அப்படியே சுருக்கத்தில், 31:42 என்ற நேரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.